கலெக்ஷன் காசு குறைந்தால்: பிடெலிட்டி காப்புறுதிக்கு உரிமை கோருவது எப்படி?

திருகோணமலையில் அண்ணாவின் ஹாட்வெயார் மொத்த வியாபாரத்துக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். கிண்ணியா, மூதூர், கந்தளாய்க் கடைகளுக்குக் கடனுக்குச் சாமான் கொடுப்போம். வாரத்தில் மூன்று நாள் எங்கள் ஊழியர் ஒருவர் போய்க் காசு சேர்த்து வருவார். ஆறு வருடமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர். அவருக்கு அம்மை போட்டு இரண்டு கிழமை வீட்டில் இருந்தபோது மூதூர்க் கடைக்காரர் ஒருவர் போன் எடுத்து, "தங்கச்சி, போன மாசம் கட்டின காசு ஏன் இன்னும் பாக்கியெண்டு வருது?" என்று கேட்டார். அவர் கையில் பற்றுச்சீட்டு இருந்தது. எங்கள் பேரேட்டில் பதிவு இல்லை.

ஊழியரின் நேர்மையற்ற செயலால் முதலாளிக்கு வரும் நட்டத்தை ஈடுசெய்வதுதான் பிடெலிட்டி காப்புறுதி. அன்றிலிருந்து அந்தக் காப்புறுதிக் காசு கைக்கு வரும்வரை ஐந்தரை மாதம் போனது. அதில் இரண்டு மாதம் என் பிழையால் வீணானது. காசைக் கட்டி முடித்த வாடிக்கையாளரைக் கடன்காரராகக் காட்டி, அடுத்தவர் கட்டும் காசால் முந்திய ஓட்டையை அடைக்கும் வகைக் கையாடல் இது. கடனுக்கு விற்கும் கடைகளில் அடிக்கடி நடப்பது. அதற்கு உரிமைக் கோரல் எப்படிச் செய்வது, கணக்குப் பார்ப்பு அறிக்கையை எப்படிப்பட்ட சொற்களில் எழுதுவது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. தெரிந்த அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதுங்கள்

முதலில் முழுக்கணக்கையும் பார்த்துவிட்டு அறிவிப்போம் என்று நினைத்து நான் பதினெட்டு நாள் தாமதித்தேன். பொலிசியில் இருந்ததோ "கண்டறிந்தவுடன் எழுத்தில் அறிவிக்க வேண்டும்" என்ற வரி. நியாயமான சந்தேகம் வந்த நாளையே கண்டறிந்த நாளாக எடுத்துக்கொள்வார்கள். கணக்கு முடிந்த நாளை அல்ல. பிறகு நட்டத்தைப் பார்க்க நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் கேட்ட முதல் கேள்வியே "மூதூரிலிருந்து போன் வந்தது எந்தத் திகதி?" என்பதுதான்.

அறிவிப்பில் தொகை எழுத வேண்டியதில்லை. பொலிசி இலக்கம், ஊழியரின் பதவி, எந்தத் திகதியில் எப்படித் தெரிய வந்தது, கணக்குப் பார்ப்பு தொடங்கியுள்ளது என்ற நான்கு விடயம் போதும். மின்னஞ்சலில் அனுப்பி, அதையே பதிவுத் தபாலிலும் போடுங்கள். முகவரிடம் வாயால் சொன்னது அறிவிப்பாகாது. எங்கள் முகவர் நல்ல மனிதர், "நான் சொல்லுறன்" என்றார். அவர் சொன்னதற்கு ஆதாரம் எங்கும் கிடைக்கவில்லை.

அதே நாளில் இன்னும் இரண்டு வேலை. பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், காசேடு, வைப்புச் சீட்டுகள், வங்கிக் கூற்று எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் பூட்டி, என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலில் இருவர் கையொப்பம் இடுங்கள். அப்புறம், அந்த ஊழியரைக் காசு தொடும் வேலையிலிருந்து அன்றே விலக்குங்கள். கண்டறிந்த பிறகும் அவரிடம் காசைக் கொடுத்துவைத்தால், அதற்குப் பிந்திய நட்டத்துக்குக் காப்புறுதி பொறுப்பேற்காது.

2. பொலிசியையும் நீங்கள் முன்பு நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தையும் சேர்த்து வாசியுங்கள்

பொலிசியில் நான்கு இடங்களைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஊழியருக்கான உச்ச வரம்பு, நீங்களே தாங்க வேண்டிய பங்கு, நட்டம் நடக்க வேண்டிய காலம், கண்டறிய வேண்டிய காலம். கடைசி இரண்டும் வேறு வேறு. நட்டம் பொலிசிக் காலத்துக்குள் நடந்திருக்க வேண்டும். கண்டறிவதற்கு, பொலிசி முடிந்த பிறகோ ஊழியர் வேலையை விட்ட பிறகோ சில மாதங்கள் தருவார்கள். அது எத்தனை மாதம் என்பது பொலிசிக்குப் பொலிசி மாறும்.

எங்கள் வரம்பு ஒரு ஊழியருக்கு 1,500,000 ரூபா, நாங்கள் தாங்கும் பங்கு பத்து வீதம். புதுப்பிக்கும் நாள் ஏப்ரல் 1. கையாடல் நவம்பரில் தொடங்கி ஜூலையில் தெரிந்ததால் இரண்டு பொலிசி வருடங்களைத் தொட்டது. இரண்டு வருடம் என்பதால் வரம்பும் இரட்டிப்பாகும் என்று நான் நினைத்தேன், ஆகவில்லை. வருடங்கள் கூடினாலும் ஒரு ஊழியருக்கு ஒரே வரம்புதான் என்று சிறிய எழுத்தில் ஒரு பந்தி இருந்தது.

கழுத்தைப் பிடிப்பது, பொலிசி எடுக்கும்போது நிரப்பிய முன்மொழிவுப் படிவம். "ஒவ்வொரு மாதமும் வாடிக்கையாளருக்கு நேரடியாகக் கணக்குக் கூற்று அனுப்புகிறீர்களா?" என்ற கேள்விக்கு நாங்கள் "ஆம்" என்று எழுதியிருந்தோம். உண்மையில் கூற்றை அனுப்பியது அதே கலெக்ஷன் ஊழியரின் கையில்! பொலிசியில் இந்த வகைக் கட்டுப்பாடுகள் நிபந்தனையாகவே இருக்கும். மீறினால் கோரலை மறுக்க முடியும். இதை ஒளிக்காதீர்கள். கூற்று எந்த மாதம் எப்படிப் போனது என்று திகதியோடு எழுதுங்கள் என்று, கணக்குப் பார்க்க நாங்கள் அமர்த்திய கணக்காளர் சொன்னார். உட்கார்ந்து பார்த்ததில் முந்திய வருடம் ஒக்டோபர் வரை தபாலில் போயிருக்கின்றன, தபால் செலவு வவுச்சரும் இருந்தது. நவம்பரிலிருந்துதான் கைக்கு மாறியிருக்கிறது. அப்படியே எழுதிக் கொடுத்தோம். மதிப்பீட்டாளர் அதைப் பற்றி இரண்டு தடவை கேட்டார், ஆனால் நாங்களே சொன்னதால் அது பொய்யாக மாறவில்லை.

3. பொலிஸ் முறைப்பாடு

பெரும்பாலான பொலிசிகள் இதைக் கேட்கும். தண்டனைச் சட்டக்கோவையின் 391 ஆம் பிரிவு, எழுத்தரோ வேலையாளோ முதலாளியின் சொத்தில் செய்யும் நம்பிக்கை மோசடியைப் பற்றியது. பிரிவு இலக்கத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததைத் திகதி வரிசையில் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எழுதியதைக் கையிலேயே கொண்டுபோங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், கையொப்பம் இடுமுன் தமிழில் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். எங்களுடையதில் "நவம்பர் முதல்" என்று நான் சொன்னது "நவம்பரில்" என்று பதிவாகியிருந்தது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அதைச் சரியாகவே மொழிபெயர்த்தார், அதனால் எட்டு மாத நட்டம் ஒரு மாதமாகத் தெரிந்தது. மேலதிக வாக்குமூலம் கொடுத்துத் திருத்த மூன்று கிழமை போனது.

தொகையைக் கேட்டால் "இதுவரை கண்டது இவ்வளவு, கணக்குப் பார்ப்பு முடியவில்லை" என்று சொல்லுங்கள். முறைப்பாட்டில் ஒரு தொகை, கோரலில் வேறு தொகை என்று வந்தால் விளக்கம் எழுதியே களைத்துப்போவீர்கள். முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதிக்குக் கட்டணம் சிறியது, நடைதான் பெரிது.

4. நட்டத்தைக் கணக்கிடுவது

இதில்தான் மிகப் பெரிய பிழை விட்டேன். தாமதமாகப் பதிந்த எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் கூட்டி 4,160,000 ரூபா என்று எழுதினேன். உண்மையான நட்டம் அதில் பாதிகூட இல்லை. ஏன் என்று மூன்று பற்றுச்சீட்டுகளை வைத்துக் காட்டுகிறேன். வாடிக்கையாளரின் பெயருக்குப் பதிலாக ஊரை எழுதுகிறேன்.

நவம்பர் 3: கிண்ணியாக் கடை 85,000 ரூபா கட்டியது. பற்றுச்சீட்டு உண்டு. காசேட்டிலும் வங்கியிலும் பதிவு இல்லை.

நவம்பர் 17: மூதூர்க் கடை 110,000 கட்டியது. அன்று வங்கியில் போட்டதும் 110,000. ஆனால் காசேட்டில் கிண்ணியாவுக்கு 85,000, மூதூருக்கு 25,000 என்று பிரித்துப் பதிந்திருந்தது.

டிசம்பர் 2: கந்தளாய்க் கடை 140,000 கட்டியது. வங்கியில் போட்டது 100,000. அதில் 85,000 மூதூர் பெயரிலும், 15,000 கந்தளாய் பெயரிலும்.

இப்போது பாருங்கள். தாமதமாகப் பதிந்ததை மட்டும் கூட்டினால் கிண்ணியா 85,000, மூதூர் 85,000, கந்தளாய் 125,000 என்று 295,000 வரும். ஆனால் வாடிக்கையாளர் கட்டியது மொத்தம் 335,000, வங்கிக்கு வந்தது 210,000. ஓட்டை 125,000தான். முதல் நாள் 85,000 குறைந்தது, டிசம்பர் 2 ஆம் திகதி இன்னொரு 40,000 குறைந்தது. நடுவில் நவம்பர் 17 ஆம் திகதி ஒரு சதமும் புதிதாகக் குறையவில்லை. ஓட்டை கிண்ணியாவிலிருந்து மூதூருக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

ஆகவே கடைசித் திகதி ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வழியில் கணக்கிடுங்கள். ஒன்று, அந்தக் காலத்தில் கொடுத்த பற்றுச்சீட்டுகளின் கூட்டுத்தொகையிலிருந்து வங்கியில் போட்ட கலெக்ஷன் காசைக் கழிப்பது. மற்றது, கட்டியும் கடைசித் திகதியன்று பதியப்படாமல் நிற்கும் தொகைகளை வாடிக்கையாளர் வாரியாகப் பட்டியலிடுவது. இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டும். எங்களுக்கு 6,000 ரூபா வித்தியாசம் வந்தது. இரண்டு நாள் தேடியதில், கலெக்ஷன் காசிலிருந்தே மோட்டார் சைக்கிள் பெற்றோலுக்கு எடுத்து வவுச்சர் வைத்த காசு அது என்று தெரிந்தது. அந்த 6,000 நட்டம் அல்ல. வித்தியாசத்தை "சில்லறை" என்று விட்டுவிடாதீர்கள்; மதிப்பீட்டாளர் முதலில் கைவைப்பது அங்கேதான்.

மாத முடிவு ஒவ்வொன்றிலும் ஓட்டை எவ்வளவு இருந்தது என்ற பட்டியலும் வேண்டும். பதியப்படாமல் நிற்கும் பற்றுச்சீட்டுகள் எல்லாமே ஜூன், ஜூலைத் திகதியாக இருக்கும், காசு போனதோ அதற்கு வெகு முன்னர். எங்கள் பட்டியலில் மார்ச் முடிவில் 420,000, ஜூலையில் கண்டறிந்த நாளில் 1,462,500. எந்தப் பொலிசி வருடத்தில் எவ்வளவு என்பதற்கு இந்தப் பட்டியல் மட்டுமே பதில். வருடத்துக்கு வருடம் நிறுவனம் மாற்றுகிறவர்களுக்கு இது இல்லாமல் தீராது.

இன்னும் ஒன்று: வாடிக்கையாளரிடமிருந்து எழுத்தில் உறுதிப்படுத்தல் வாங்குங்கள். அவருடைய கையிலுள்ள மூலப் பற்றுச்சீட்டைப் போட்டோக் கொப்பி எடுத்து, "இந்தத் தொகையைக் காசாக இன்னாரிடம் கொடுத்தேன்" என்று அவர் மொழியிலேயே எழுதி, கடை முத்திரையோடு. பதினொரு கடைக்கும் நானும் அண்ணாவும் பஸ்சிலும் மோட்டார் சைக்கிளிலும் போய் வாங்கினோம். இரண்டு கடைக்காரர் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்டார்கள், "கட்டினது சத்தியம்" என்றார்கள். அந்த 115,000 ரூபாவைத் தனித் தாளில் வைத்தோம், கோரலில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் மற்ற ஒன்பது கடைகளின் கணக்கும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகியிருக்கும்.

5. அறிக்கையின் மொழி

முதல் வரைவை நான்தான் எழுதினேன், கோபத்தோடு. "அவர் கிண்ணியாக் காசைத் திருடி, அதை மறைப்பதற்காக மூதூர்க் காசைப் போட்டார்" என்று. கணக்காளர் ஐயா அந்த வரியில் மட்டும் மூன்று கேள்வி கேட்டார். திருடியதை யார் பார்த்தது? மறைப்பதற்காக என்பது யாருக்குத் தெரியும்? போட்டது அவர்தான் என்பதற்கு எந்தத் தாள்? நான் வாய் அடைத்துப்போனேன். அவர் எழுதிய வரிகள் இப்படி இருந்தன:

"நவம்பர் 3 திகதியிட்ட 2214 இலக்கப் பற்றுச்சீட்டு, கிண்ணியா வாடிக்கையாளரிடமிருந்து 85,000 ரூபா காசாகப் பெற்றதாகக் காட்டுகிறது. அதில் 'பெற்றவர்' என்ற இடத்தில் ஊழியர் அ-வின் பெயரும் கையொப்பமும் உள்ளன. நவம்பர் 3 முதல் 16 வரை எமக்குத் தரப்பட்ட காசேட்டிலும் வைப்புச் சீட்டுகளிலும் இத்தொகை காணப்படவில்லை. நவம்பர் 17 காசேட்டில் இவ்வாடிக்கையாளரின் பெயரில் 85,000 ரூபா பதியப்பட்டுள்ளது. அன்றைய வைப்பு 110,000 ரூபா. அதே நாளில் மூதூர் வாடிக்கையாளருக்கு 110,000 ரூபாவுக்கு வழங்கிய 2231 இலக்கப் பற்றுச்சீட்டு இணைப்பில் உள்ளது."

திருட்டு என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் வாசிப்பவருக்கு வேறு முடிவு வர வழியும் இல்லை. அவருடைய வரைவைப் பார்த்து நான் கற்றுக்கொண்டவை சில.

"இல்லை" வேறு, "எமக்குத் தரப்பட்ட புத்தகங்களில் காணப்படவில்லை" வேறு. முதலாவதை எதிர்த்தரப்பு ஒரேயொரு தாளைக் காட்டிப் பொய்யாக்கலாம். இரண்டாவதை முடியாது.

தமிழில் "-பட்டது" என்று எழுதினால் நடுநிலை வந்துவிடும் என்று நினைப்போம், வராது. "காசு எடுக்கப்பட்டது" என்பதில் எடுத்தார் என்ற முடிவு உள்ளேயே இருக்கிறது. செய்தவரின் பெயர் மட்டும் ஒளிந்திருக்கிறது. யார் எந்தத் தாளில் என்ன எழுதினார் என்று தெரிந்தால் எழுவாயோடு எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்பதே நடுநிலை. காசேட்டை வழக்கமாக எழுதியவர் யார் என்பதை நியமனக் கடிதத்திலுள்ள கடமைப் பட்டியலையும் சக ஊழியர் இருவரின் கூற்றையும் காட்டி நிறுவினோம்.

கையொப்பம் விடயத்தில் கவனம். "அவருடைய கையொப்பம்" என்பது நிபுணர் சொல்ல வேண்டியது. "அவரது பெயரில் கையொப்பம் உள்ளது, நியமனக் கடிதத்தில் உள்ளதை ஒத்துக் காணப்படுகிறது" என்பது நீங்கள் சொல்லக்கூடியது. எங்கள் பட்டியலில் 72,000 ரூபாவுக்கான பற்றுச்சீட்டு ஒன்று வேறு கையெழுத்தில் இருந்தது. லொறி உதவியாளர் ஒருநாள் வாங்கி வந்தது என்று பின்னர் தெரிந்தது. அதை நாங்கள் மற்றவற்றோடு கலந்துவிட்டோம். மதிப்பீட்டாளர் கண்டுபிடித்துக் கழித்தார்.

"கிட்டத்தட்ட", "பல தடவை", "தொடர்ச்சியாக", "தெட்டத்தெளிவாக" போன்ற சொற்களைத் தேடி அழியுங்கள். பல தடவை என்பதற்குப் பதில் இருபத்தேழு என்று எழுதுங்கள். பார்க்காததையும் எழுதுங்கள்: நாங்கள் நவம்பருக்கு முந்திய இரண்டு மாதத்தை மட்டும் ஒப்பிட்டோம், அதற்கு முன் பார்க்கவில்லை, களஞ்சியக் கணக்கைத் தொடவே இல்லை. களஞ்சியத்தில் சாமான் குறைவது, யார் எடுத்தார் என்று காட்ட முடியாவிட்டால், இந்தப் பொலிசியில் வராது. அதைச் சேர்த்தால் தொகை கூடும், நம்பகம் குறையும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பொலிசி பணம் கொடுப்பது ஊழியரின் நேர்மையற்ற செயலால் வந்த நட்டத்துக்கு. எண்கணிதப் பிழைக்கோ கவனக்குறைவுக்கோ அல்ல. அறிக்கையில் நேர்மையின்மை என்ற சொல்லே இல்லாவிட்டால் எப்படி? அதற்கு இடம் கோரல் கடிதம். "இணைத்துள்ள கண்டறிதல்களின் அடிப்படையில் இந்நட்டம் பொலிசியின் இன்ன பிரிவுக்குள் வருகிறது என நாம் நம்புகிறோம்" என்று முதலாளி எழுதலாம். முடிவை முதலாளி சொல்வார், கணக்காளர் ஆதாரத்தை அடுக்குவார். இரண்டையும் ஒரே தாளில் போட்டால் ஆதாரமும் அபிப்பிராயமாகிவிடும். பிழையல்ல என்பதைக் காட்டுவது அடுக்கின் வேலை: ஒரு தடவை பெயர் மாறிப் பதிந்தால் தவறு, இருபத்தேழு தடவையும் முந்திய ஓட்டையின் தொகைக்கே சரியாகப் பொருந்தினால் அதைத் தவறு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எச்சரிக்கை ஒன்று. இலங்கையில் அவதூறு 2002 முதல் குற்றவியல் குற்றமல்ல, ஆனால் சிவில் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாம். அறிக்கையைக் காப்புறுதி நிறுவனம், பொலிஸ், கணக்காளர், சட்டத்தரணி தவிர வேறு ஒருவருக்கும் காட்டாதீர்கள். வாடிக்கையாளரிடம் உறுதிப்படுத்தல் கேட்கப் போகும்போதும் "கணக்குச் சரிபார்க்கிறோம்" என்பதற்கு மேல் சொல்லாதீர்கள். நம்முடைய ஊரில் காலையில் கிண்ணியாவில் சொன்னது மத்தியானம் உவர்மலையில் கேட்கும்.

6. ஊழியரின் பதில்

குற்றச்சாட்டுக் கடிதம் கொடுத்து, விளக்கம் எழுத அவகாசம் கொடுங்கள். கொடுத்த விளக்கத்தை, உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும், ஒரு சொல்லும் மாற்றாமல் இணையுங்கள். விசாரணை இல்லாமல் வேலையால் நிறுத்தினால் அவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம்.

அறையில் பூட்டிவைத்து வாங்கும் ஒப்புதல் கடிதம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். எங்களிடம் அவர் 60,000 ரூபாவைக் கொண்டுவந்து தந்தார், "மிச்சத்தைக் கட்டுறன்" என்று தன் கையால் எழுதியும் தந்தார். பிறகு அவருடைய பெரியப்பா கோவில் தலைவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மாதாமாதம் கட்டுகிறோம், பொலிசை விடுங்கள் என்று கேட்டார். அண்ணாவின் மனம் இளகிவிட்டது. நல்லவேளை நான் காப்புறுதி நிறுவனத்தைக் கேட்டேன். அவர்களுடைய எழுத்துச் சம்மதமின்றித் தவணை ஒப்பந்தம் செய்தால், ஊழியரிடமிருந்து வசூலிக்கும் அவர்களுடைய உரிமையை நாங்கள் கெடுத்ததாகிவிடும், கோரலும் போய்விடும் என்றார்கள். தந்த காசை வாங்கி ரசீது கொடுத்து, நட்டத்திலிருந்து கழித்துக் காட்டினோம். பெரியப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம்.

அவருக்குச் சேர வேண்டிய கமிஷன் 37,500 ரூபா எங்களிடம் இருந்தது. அதுவும் கழிபட வேண்டியது. சம்பளத்தையும் சேவைக்காலப் பணத்தையும் நீங்களாகப் பிடித்து வைக்குமுன் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் கைவைக்கவே முடியாது.

7. கோப்பு

எங்கள் கோப்பில் இருந்தவை, அடுக்கிய வரிசையில்: நிரப்பிய கோரல் படிவம், கோரல் கடிதம், பொலிசி, முன்மொழிவுப் பிரதி, நியமனக் கடிதமும் கடமைப் பட்டியலும், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் மொழிபெயர்ப்பும், கணக்காளரின் அறிக்கை, இருபத்தேழு பற்றுச்சீட்டுப் பட்டியலும் போட்டோக் கொப்பிகளும், வங்கிக் கூற்று, வாடிக்கையாளர் கடிதங்கள், ஊழியரின் விளக்கம், வரவு வைத்த தொகைகளின் கணக்கு.

ஒவ்வொரு தாளுக்கும் இலக்கமிடுங்கள். அறிக்கையின் ஒவ்வொரு வரியும் ஒரு இலக்கத்தைச் சுட்ட வேண்டும். சுட்டாத வரி வந்தால் வெட்டிவிடுங்கள். மூலப் பிரதிகளைக் காட்டலாம், கொடுத்துவிடாதீர்கள். பொலிசும் அதையே கேட்பார்கள், ஆகவே முதல் நாளே இரண்டு தொகுதி பிரதி எடுத்துவைத்தால் நிம்மதி.

8. மதிப்பீட்டாளர், தொகை, காலம்

கோப்பு கொடுத்து மூன்று கிழமையில் கொழும்பிலிருந்து நட்ட மதிப்பீட்டாளர் வந்தார். ஒரு நாள் முழுக்கக் கடையில் இருந்தார், மறுநாள் மூன்று வாடிக்கையாளரைத் தானே போய்ப் பார்த்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவர் கேட்டதற்கு அண்ணா ஊகத்தில் பதில் சொல்லி, அதை நான் அறிக்கையைக் காட்டித் திருத்த வேண்டி வந்தது.

கணக்கு இப்படி முடிந்தது. பதியப்படாத பற்றுச்சீட்டுகள் 1,462,500. ஊழியர் தந்த 60,000, கமிஷன் 37,500 கழிய 1,365,000. வேறு கையெழுத்திலிருந்த 72,000 கழிய 1,293,000. எங்கள் பங்கு பத்து வீதம், 129,300. கிடைத்தது 1,163,700 ரூபா. போன காசுக்கான வட்டியோ, அந்தக் காசு இல்லாமல் சாமான் எடுக்க முடியாமல் போன லாபமோ கோர முடியாது. கணக்காளர் கட்டணம் 95,000 எங்கள் கையிலிருந்து போனது. கணக்காய்வுக் கட்டணத்தைச் சேர்க்கும் பந்தி சில பொலிசிகளில் உண்டு, எங்களுடையதில் இல்லை. மொழிபெயர்ப்பு, பயணம், போட்டோக் கொப்பி எல்லாம் சேர்த்து இன்னொரு இருபதாயிரம்.

பணம் தருமுன் ஒரு விடுவிப்புப் பத்திரம் அனுப்புவார்கள். "முழுமையான இறுதித் தீர்வாக" என்ற வரியைப் பாருங்கள். தனித் தாளில் வைத்த 115,000க்கு அப்போது ஒரு கடைக்காரரின் பற்றுச்சீட்டு, 65,000 ரூபாவுக்கானது, அலுமாரியிலிருந்து கிடைத்திருந்தது. அதைச் சேர்க்கும்படி கேட்டு நான் கடிதம் எழுதுவதற்கு முன் அண்ணா பத்திரத்தில் கையொப்பம் இட்டு அனுப்பிவிட்டார். அந்த 65,000 இன்னும் எங்கள் பேரேட்டில், அந்தக் கடைக்காரர் கட்டிவிட்டதாக, எங்கள் நட்டமாக நிற்கிறது.